சொந்தமாகப் போட்ட நாவலை விற்பனைக்கு ஏற்றியபோது பட்ட பாடு

நாவலை எழுதி முடித்து, பிழை திருத்தி, பக்கம் வடிவமைத்து, அச்சிட்டுக் கையில் வாங்கும்வரை ஆளாளுக்கு வந்து அறிவுரை சொன்னார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. விற்பனைப் பக்கத்தில் புத்தகத்தின் விவரங்களை நிரப்பும் வேலைதான் அது. வகை, பக்கங்கள், மொழி, மாதிரிப் பக்கங்கள், கையெழுத்திட்ட பிரதி வேண்டுமா என்ற தெரிவு என ஐந்தாறு கட்டங்கள்தான் இருக்கும். பார்த்தால் அரைமணி நேர வேலை போலத் தோன்றும். அந்தக் கட்டங்களால் அச்சுக்குப் போட்ட பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எனக்குப் போயிற்று. புத்தகம் வெளிவந்த முதல் சில மாதங்கள், அதாவது ஒரு புதிய புத்தகத்தைப் பற்றி நாலு பேர் பேசக்கூடிய காலம், புகார்களுக்குப் பதில் எழுதுவதிலேயே கழிந்தது. பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. சொந்தமாகப் பதிப்பிக்கப்போகிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாடு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாவலை இரண்டு வழியில் விற்கத் திட்டமிட்டேன். கொஞ்சம் பிரதிகளை நானே மொத்தமாக அச்சடித்து வீட்டில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அஞ்சலில் அனுப்புவது ஒன்று. தொலைவில் இருப்பவர்களுக்காக, ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டு அனுப்பும் சேவை ஒன்றிலும் சேர்ப்பது இன்னொன்று. கூடவே மின்னூலும் உண்டு. விவரங்களை ஏற்றிக்கொடுக்க, கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்து தரும் ஒருவரை அமர்த்தினேன். அவர் பெயர் இங்கே வேண்டாம், சேவைக்காரர் என்றே சொல்கிறேன். நான் அவருக்குக் கொடுத்தது மூன்று: எழுதிய வேர்டு கோப்பு, அச்சுக்குப் போன பி.டி.எஃப், அட்டைப்படம். மீதியை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் ஏற்றியும் விட்டார்.

முதல் அடி பக்க எண்ணிக்கையில் விழுந்தது. அச்சில் என் நாவல் 224 பக்கம். விற்பனைப் பக்கத்தில் 148 என்று இருந்தது. அவர் வேர்டு கோப்பைத் திறந்து, கீழே காட்டிய எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். வேர்டில் இருந்தது ஏ4 தாள், புத்தகம் இருந்தது டெமி அளவு. ஏ4 பக்கம் ஒன்றில் இருக்கும் எழுத்து டெமியில் ஒன்றரைப் பக்கத்துக்கு வரும். ஆகவே வேர்டு காட்டும் எண்ணுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சரி, ஒரு எண் தவறினால் என்ன ஆகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்குகிறவருக்கு அதிகப் பக்கம் கிடைத்தால் சந்தோஷம்தானே என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் எடை போடப்பட்டிருந்தது, அந்த எடையை வைத்துத்தான் வாசகரிடம் அஞ்சல் கட்டணம் வாங்கப்பட்டது. இது தெரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். என் புத்தகத்தின் ஒரு தாள் 14 சென்டிமீட்டர் அகலம், 21.5 சென்டிமீட்டர் உயரம். பெருக்கினால் 301 சதுர சென்டிமீட்டர். உள்தாள் 70 ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர், அதாவது 10,000 சதுர சென்டிமீட்டர் தாள், 70 கிராம் இருக்கும் என்று அர்த்தம். அப்படியானால் என் தாள் ஒன்று 2.1 கிராம் சொச்சம். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்பதால் 224 பக்கத்துக்கு 112 தாள், ஆக 236 கிராம். அட்டை 300 ஜி.எஸ்.எம்., முன்னும் பின்னும் முதுகும் சேர்த்து 20 கிராம் பக்கம் வரும். லேமினேஷன், பசை எல்லாம் சேர்ந்தால் புத்தகம் 260 கிராம். அதைக் குமிழ் உறையில் சுற்றி, மூலை மடங்காமல் இருக்க அட்டைத் துண்டு வைத்து, மேலே உறை போட்டு ஒட்டினால் 310 கிராமைத் தொடும். 148 பக்கம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் புத்தகம் 180 கிராமுக்குள் முடிந்துவிடும். பொதிவின் எடையைச் சேவைக்காரர் சேர்க்கவும் இல்லை. அஞ்சல் கட்டணம் கிராமுக்குக் கிராம் ஏறாது, படிப்படியாகத்தான் ஏறும். வாசகர் கட்டியது கீழ்ப்படிக்கு, நான் அஞ்சலில் கட்டியது மேல்படிக்கு. வித்தியாசம் ஒவ்வொரு பிரதியிலும் எனக்கு மிஞ்ச வேண்டிய தொகையில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. கூடுதல் பணம் கேட்டு வாசகருக்கு எழுத மனம் வரவில்லை. கேட்ட தொகையை அவர் கொடுத்துவிட்டார், அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

ஆகவே பக்க எண்ணிக்கையை அச்சுக்குப் போன பி.டி.எஃபிலிருந்து மட்டும் எடுங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அச்சில் புத்தகம் பாரம் பாரமாக ஓடும், பாரத்துக்கு 16 பக்கம். என் நாவல் 14 பாரம், அதனால்தான் 224. கதையின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண் 217, அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். கதை முடியும் பக்கத்தைப் போடுவதா, மொத்தத்தைப் போடுவதா என்று குழம்ப வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் வெற்றுப் பக்கமும் சேர்த்து மொத்தத்தைப் போடுவதே நல்லது. எடைக்கும் முதுகின் தடிமனுக்கும் அந்த எண்தான் கணக்கு. மின்னூலுக்குப் பக்கம் என்று ஒன்று உண்மையில் கிடையாது, எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடிவிடும். அதனால் கடையே ஒரு மதிப்பீட்டைப் போட்டுக்கொள்ளும். அது அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டியதில்லை. எடையைப் பொறுத்தவரை கணக்கு என்னதான் சொன்னாலும், ஒரு பிரதியை அனுப்பப்போகிற அதே விதத்தில் பொதிந்து தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.

அடுத்தது மாதிரிப் பக்கங்கள். விற்பனைப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஓரளவு இருந்தும், மாதிரியைத் திறந்தவர்களில் வாங்கியவர்கள் மிகக் குறைவு. என் எழுத்தில்தான் குறை என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இதைப் படித்துவிட்டா வேண்டாம் என்று போகிறார்கள் என்று அழுதிருக்கிறேன். ஒருநாள் வாசகராகவே நினைத்துக்கொண்டு என் போனில் அந்த மாதிரியைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் முதல் அத்தியாயத்தைப் பார்க்கவே இல்லை.

பல மின்னூல் கடைகளில் மாதிரி என்பது புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து தானாகவே வெட்டி எடுக்கப்படும் ஒரு பகுதி. பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். என் 224 பக்கத்துக்கு அது 22 பக்கம். அந்த 22 பக்கத்தில் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு மட்டும், இரண்டாவது வெற்று, மூன்றில் தலைப்பும் என் பெயரும், நான்கில் பதிப்பு விவரம், ஐந்தில் சமர்ப்பணம், ஆறு வெற்று. ஏழு முதல் 12 வரை அணிந்துரை. 13 முதல் 16 வரை என்னுரை. 17 நன்றி, 18 வெற்று, 19 உள்ளடக்கம், 20 வெற்று. கதை தொடங்குவது 21இல்! அத்தியாயத் தலைப்புக்குக் கீழே பாதிப் பக்கம், அடுத்து ஒரு முழுப் பக்கம், அவ்வளவுதான். கதாநாயகி கதவைத் தட்டுகிறாள், கதவு திறப்பதற்குள் மாதிரி முடிந்துவிடுகிறது. இதில் இன்னொன்றும் நடந்திருந்தது. அணிந்துரை எழுதியவர் அன்போடு கதையை விரிவாகவே அலசியிருந்தார். நாவலின் நடுவில் தெரிய வேண்டிய ஒரு சாவு அணிந்துரையின் மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிட்டது. மாதிரியைப் படித்தவருக்குக் கதை தெரியும், என் நடை தெரியாது.

நம் புத்தகங்களில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி என்று முன்பகுதி நீள்வது வழக்கம். அச்சுப் பிரதியைக் கையில் எடுப்பவர் அதைத் தள்ளிவிட்டு நடுவில் புரட்டிப் பார்ப்பார், ஆகவே கேடில்லை. தானாக வெட்டப்படும் மாதிரியில் அப்படிப் புரட்ட வழியில்லை. நான் செய்தது இது. மின்னூலில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம் மூன்றை மட்டும் முன்னால் வைத்தேன். அணிந்துரையையும் என்னுரையையும் கதைக்குப் பின்னால் கொண்டுபோய், என்னுரையைப் பின்னுரை என்று மாற்றினேன். என் அத்தியாயங்களுக்கு எண் மட்டும்தான், தலைப்பு இல்லை என்பதால் உள்ளடக்கப் பக்கத்தையும் எடுத்தேன். மின்னூலுக்குள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவ உதவும் பட்டியல் தனியாக உண்டு, அது அப்படியே இருக்கிறது, அதை எடுக்கக் கூடாது. இப்போது கதை ஐந்தாம் பக்கத்திலேயே தொடங்குகிறது. அதே 22 பக்க மாதிரியில் 18 பக்கம் கதை கிடைக்கிறது, முதல் அத்தியாயம் முழுவதும் வந்துவிடுகிறது. அணிந்துரை எழுதித் தந்தவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் மாற்றினேன். கொஞ்சம் தயங்கினார், பக்கம் பக்கமாகக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் செய்திருந்தால் மனஸ்தாபம் வந்திருக்கும்.

நானே நேரடியாக விற்கும் பக்கத்தில் மாதிரியைத் தனி பி.டி.எஃபாகக் கொடுக்க முடிந்தது. அதில் வேறு சிக்கல். சேவைக்காரர் அச்சுக் கோப்பிலிருந்து சில பக்கங்களைப் பிரித்துப் போட்டிருந்தார். டெமி பக்கத்தைப் போன் திரையில் பார்த்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போகிறது. அதைவிட மோசம், எழுத்துரு கோப்புக்குள் பதியப்படாததால் சில போன்களில் கொம்பு இடம் மாறிக் கிடந்தது. “கொடி” என்ற இடத்தில் “ெகாடி” என்று தெரிந்தது. ஒரு வாசகி திரையைப் படம் பிடித்து அனுப்பி, “புத்தகம் முழுக்க இப்படித்தான் இருக்குமா மேடம்?” என்று கேட்டார். எத்தனை பேர் கேட்காமலே போயிருப்பார்கள் என்று நினைத்து அன்று இரவு தூக்கமே வரவில்லை. பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் போன் அகலத்துக்கு ஏற்ற சிறிய பக்கமாகப் புதிதாக வடிவமைத்தேன். எழுத்தை 14 புள்ளிக்கு வைத்து, எழுத்துருவைப் பதித்துச் சேமித்து, வெவ்வேறு போன்களில் திறந்து பார்த்துவிட்டு ஏற்றினேன். அச்சுப் பக்கத்தின் தோற்றமும் தெரியட்டும் என்று உண்மையான இரண்டு பக்கங்களை எதிரெதிராகப் படமாகவும் சேர்த்தேன். எழுத்து அளவும் தாளின் நிறமும் தெரிய வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக வயதானவர்கள்.

மொழிக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் நாவலுக்கு மொழி தமிழ் என்று போடுவதில் என்ன பிரச்சினை வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு கடையின் பட்டியலில் தமிழ் இருந்தும் சேவைக்காரர் தேடாமல் Other என்று விட்டிருந்தார். தமிழ்ப் புத்தகங்களை மட்டும் காட்டு என்று வடிகட்டுகிறவருக்கு என் நாவல் கண்ணிலேயே படாது. இன்னொரு கடையில் புத்தகத்தின் பெயரே குப்பையாக வந்தது. அட்டை வடிவமைத்தவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை இவர் நகல் எடுத்து ஒட்டிவிட்டார். பாமினியில் “தமிழ்” என்று அடித்ததை வேறிடத்தில் ஒட்டினால் jkpo; என்று வரும். என் தலைப்பும் அந்த மாதிரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. யார் தேடினாலும் கிடைக்காது. பழைய எழுத்துருவில் வடிவமைத்த புத்தகம் அச்சில் அழகாகவே இருக்கும், அதனால் கோளாறு தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, பி.டி.எஃபிலிருந்து ஒரு வரியை நகல் எடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு, ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு, மின்னூலுக்குப் போகும் முன் மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள், மாற்றியில் தப்பிய எழுத்துகள் அங்கங்கே இருக்கும். தலைப்பைத் தமிழில் எழுதியதோடு, ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுவார்களோ அதையும் விளக்கத்திலோ குறிச்சொல்லிலோ சேர்த்துவிடுங்கள். போனில் தமிழ் விசைப்பலகை வைக்காமல் தமிழ் நாவல் தேடுகிறவர்கள் ஏராளம்.

வகை பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. என்னுடையது குடும்ப நாவல். ஒரு சாவு உண்டு, அதன் பின்னணி கடைசிவரை முழுதாக வெளிவராது. சேவைக்காரர் அதைத் துப்பறியும் நாவல் என்று போட்டார், அதுதான் விற்கும் என்றும் சொன்னார். முதல் வாரம் உண்மையாகவே கொஞ்சம் விற்றது. அப்புறம் வந்த மதிப்புரைகளில் ஒன்று, “கொலையாளி யார்னு சொல்லவே இல்லை, ஏமாத்து வேலை” என்று இருந்தது. அவர் சொன்னதில் தவறே இல்லை. துப்பறியும் கதை வாங்குகிறவருக்குப் புதிர் அவிழ வேண்டும், அது அந்த வகைக்கும் வாசகருக்கும் உள்ள ஒப்பந்தம். வகையைப் பின்னால் மாற்றிவிட்டேன், அந்த ஒற்றை நட்சத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. வகையைத் தீர்மானிக்கும்போது கதையில் என்ன நடக்கிறது என்று பார்க்காதீர்கள். கடைசிப் பக்கத்தை மூடும்போது வாசகருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பாருங்கள். என் வாசகருக்குக் கிடைப்பது ஒரு குடும்பத்தின் மௌனம் எப்படி உண்டானது என்பது. அதைக் குடும்பக் கதை என்று தேடி வருகிறவர்தான் முழுதாகப் படிப்பார்.

எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைத்தது கையெழுத்திட்ட பிரதிதான். ஆர்டர் வந்ததும் அச்சிடும் சேவையில் புத்தகம் அச்சகத்திலிருந்து நேராக வாசகர் வீட்டுக்குப் போய்விடும், என் கைக்கு வராது. வராத புத்தகத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? ஆனால் சேவைக்காரர் ஒரே விவரத்தை எல்லா இடத்திலும் ஒட்டியதில், “ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி” என்ற தெரிவு அங்கேயும் போய்விட்டது, கூடுதல் விலையோடு. நம்பி வாங்கியவர்களுக்குக் கையெழுத்து இல்லாத புத்தகம் போனது. அவர்களில் ஒருவர் அதைத் தன் அம்மாவின் பிறந்தநாளுக்காக வாங்கியிருந்தார். “பிரிச்சுப் பார்த்தப்ப உள்ள ஒண்ணுமே இல்லைங்க” என்று மட்டும் எழுதினார். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லோருக்கும் என் கையிருப்பிலிருந்து கையெழுத்திட்ட பிரதியை என் செலவில் அனுப்பினேன். முதல் புத்தகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. புத்தகமும் போய், அஞ்சல் செலவும் போய், அந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றிலும் கைப்பணம் இறங்கியது. என் நஷ்டத்தில் பெரும்பகுதி இதுதான்.

இப்போது கையெழுத்திட்ட பிரதியைத் தனிப் பொருளாக, நான் நேரடியாக அனுப்பும் இடத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். அதற்குப் புதிய ஐ.எஸ்.பி.என் தேவையில்லை, உள்ளே இருப்பது அதே பதிப்புதான், என் கணக்குக்காக ஒரு குறியீடு போதும். அச்சுக்கும் மின்னூலுக்கும்தான் வெவ்வேறு எண் வேண்டும். கையிருப்பில் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் ஆர்டர் எடுக்கும்படி எண்ணிக்கையை வைத்திருக்கிறேன், சேதத்துக்கென்று சிலவற்றை ஒதுக்கிவிட்டு. கையெழுத்திட்டு அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். விலையை நிர்ணயிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றாக அச்சிடும் சேவையிடம் ஆசிரியர் பிரதி வாங்கிக் கையெழுத்திட்டு அனுப்பினால், அச்சகத்திலிருந்து உங்களுக்கு ஒருமுறை, உங்களிடமிருந்து வாசகருக்கு ஒருமுறை என்று இரண்டு அஞ்சல் செலவு. மொத்தமாக வரவழைத்தால் முதல் செலவு பிரதிகளுக்குள் பங்காகிக் குறையும், ஒன்றிரண்டாக வரவழைத்தால் கட்டுபடியாகாது.

தொலைவில் இருப்பவர்கள் கேட்டால் இன்னொரு வழி உண்டு. புத்தகத்தை அந்தச் சேவையே அனுப்பட்டும், நான் கையெழுத்திட்ட ஒட்டுத்தாளைச் சாதாரணக் கடித உறையில் அனுப்பிவிடுகிறேன், அவர்கள் தலைப்புப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அமிலம் இல்லாத தாளாக வாங்க வேண்டும், இல்லையென்றால் சில வருடத்தில் பழுப்பு ஏறி அடிப் பக்கத்தையும் கறைப்படுத்தும். விற்பனைப் பக்கத்தில் இதைக் கையெழுத்திட்ட பிரதி என்று எழுதாமல், கையெழுத்திட்ட ஒட்டுத்தாள் தனியாக வரும் என்றே எழுத வேண்டும். இரண்டும் வேறு, கேட்பவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

பெயர் எழுதித் தருவதில் இன்னொரு சங்கடம் வந்தது. ஆர்டரில் Valli என்று இருந்தது. அழகாக “அன்புள்ள வள்ளிக்கு” என்று எழுதி அனுப்பினேன். அவர் பெயர் வல்லி. ஆங்கில எழுத்தில் ல, ள வேறுபாடு தெரியாது, குறில் நெடிலும் தெரியாது. எழுதிய பக்கத்தைத் திருத்தவும் முடியாது, அந்தப் பிரதியை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. மறுபடி ஒன்று அனுப்பினேன். இப்போது ஆர்டர் கட்டத்தில், “பெயர் எழுத வேண்டுமானால் தமிழில் தட்டுங்கள், கையெழுத்து மட்டும் போதுமென்றால் காலியாக விடுங்கள்” என்று இருக்கிறது. பெயர் எழுதிய பிரதியைத் திருப்பி எடுக்க இயலாது, சேதமாக வந்தால் மட்டும் மாற்றித் தரப்படும் என்பதும் பணம் கட்டும் முன்பே கண்ணில் படும்படி இருக்கிறது. பேனா விஷயத்தில், 70 ஜி.எஸ்.எம். தாளில் மைப்பேனா ஊறிப் பின்பக்கம் தெரிகிறது, பந்துமுனைப் பேனா அழுத்தினால் அடுத்த தாளில் தடம் விழுகிறது. நிறமி மை உள்ள மெல்லிய முனைப் பேனாதான் எனக்குச் சரியாக வந்தது. எழுதியதும் மூடிவிடாமல் காயவிட்டு, எதிர்ப் பக்கத்தில் படாமல் இருக்க ஒரு மெல்லிய தாளை நடுவில் வைத்து மூடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு என் விற்பனைப் பக்கத்தில் இருப்பது சுருக்கமானதுதான். குடும்ப நாவல். மொழி தமிழ், உரையாடல் பேச்சு வழக்கில். மெல்லட்டை, டெமி அளவு, 224 பக்கம், பொதிவோடு 310 கிராம். மாதிரி: முதல் அத்தியாயம் முழுவதும், போனில் படிக்கும் வடிவில், கூடவே அச்சுப் பக்கத்தின் படம். கையெழுத்திட்ட பிரதி என் கையிருப்பிலிருந்து மட்டும், அனுப்பும் காலம் இவ்வளவு, பெயர் தமிழில் தரவும். ஒவ்வொரு வரியையும் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்துத்தான் எழுதினேன்.

திருத்தியதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. ஒரு கடையில் ஏற்றிய விவரத்தை வேறு கடைகளும் பட்டியல்களும் எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. மூலத்தைத் திருத்தினாலும் அந்த நகல்கள் தானாக மாறுவதில்லை. சில இடங்களில் 148 பக்கத் துப்பறியும் நாவலாகவே என் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஐ.எஸ்.பி.என் எண்ணைப் போட்டுத் தேடி, கிடைக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் பதிப்பு விவரப் பக்கத்தின் படத்தை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன். சிலர் மாற்றுகிறார்கள், சிலர் பதிலே போடுவதில்லை. யாருக்கு எழுதினேன், எது மாறியது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அடுத்த புத்தகத்துக்கு விவரங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே கோப்பில் எழுதி, அச்சான பிரதியோடு ஒப்பிட்டு, அந்தக் கோப்பிலிருந்து மட்டுமே எல்லா இடத்திலும் நானே ஏற்றப்போகிறேன்.